ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வகுப்பாசிரியர்

ஓர் உயர்நிலைப் பள்ளியில் 6 முதல் 10 வரை ஐந்து வகுப்புகள், பாடத்துக்கு ஒருவராக ஐந்து ஆசிரியர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வகுப்பாசிரியர் வேண்டும். தான் பாடம் எடுக்கும் வகுப்புக்குத்தான் ஒருவர் வகுப்பாசிரியர் ஆகலாம், அதுவும் ஒரே ஒரு வகுப்புக்கு. இதைப் படமாக வரைந்தால் இடப்பக்கம் ஐந்து புள்ளிகள் ஆசிரியர்கள், வலப்பக்கம் ஐந்து புள்ளிகள் வகுப்புகள், யார் எந்த வகுப்புக்குப் போகிறாரோ அங்கே ஒரு கோடு. ஒரே பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே கோடு கிடையாது. கணிதத்தில் இந்தப் படத்தின் பெயர் இருகூறு கோட்டுரு. எந்தப் புள்ளியையும் இரண்டு கோடுகள் தொடாதபடி தேர்ந்தெடுத்த கோடுகளின் தொகுதி பொருத்தம். அப்படி எத்தனை கோடுகள் வரை எடுக்க முடியும் என்பதுதான் கேள்வி.

தமிழாசிரியர் 6, 7 வகுப்புகளுக்கும் ஆங்கில ஆசிரியர் 6, 8 வகுப்புகளுக்கும் போகிறார்கள். கணித ஆசிரியருக்கு 7, 9. அறிவியல் ஆசிரியருக்கு 9, 10. சமூக அறிவியல் ஆசிரியருக்கு 6, 8. தமிழுக்கு 6, ஆங்கிலத்துக்கு 8, கணிதத்துக்கு 7, அறிவியலுக்கு 10 என்று தலைமையாசிரியர் எழுதிவிடுகிறார். சமூக அறிவியல் ஆசிரியர் மிஞ்சுகிறார். அவருடைய இரண்டு வகுப்புகளும் போய்விட்டன. ஒன்பதாம் வகுப்போ யாருமில்லாமல் நிற்கிறது. பட்டியலை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுப் பார்க்கத்தான் கை போகும். அதற்குத் தேவையில்லை.

மிஞ்சியவரிடமிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். அவர் 6 அல்லது 8-ஐக் கேட்கலாம். 8 ஆங்கில ஆசிரியரிடம் இருக்கிறது. அவர் அதை விட்டால் போகக்கூடிய இடம் 6 மட்டுமே, அதுவோ ஏற்கெனவே பார்த்த வகுப்பு. அந்தக் கிளை அங்கேயே முடிகிறது. 6 தமிழாசிரியரிடம் இருக்கிறது. அவர் 7-க்கு நகரலாம். 7-ஐ வைத்திருக்கும் கணித ஆசிரியர் 9-க்கு நகரலாம். 9 காலி. இப்போது ஒரு பாதை கிடைத்துவிட்டது: சமூக அறிவியல், 6, தமிழ், 7, கணிதம், 9. இதில் பட்டியலில் இல்லாத கோடும் இருக்கும் கோடும் மாறிமாறி வருகின்றன. இரண்டு முனைகளிலும் இணை கிடைக்காத புள்ளிகள். இல்லாத கோடுகள் மூன்று, இருப்பவை இரண்டு. இரண்டையும் இடம் மாற்றினால் பொருத்தத்தில் ஒரு கோடு கூடுகிறது: சமூக அறிவியலுக்கு 6, தமிழுக்கு 7, கணிதத்துக்கு 9. ஆங்கிலமும் அறிவியலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட பாதையை வளர்பாதை எனலாம். இந்த மாற்றத்தில் சிலர் வகுப்பு மாறுகிறார்களே தவிர, ஏற்கெனவே வகுப்பு பெற்ற எவரும் வகுப்பை இழப்பதில்லை. முறையின் அழகு இதில்தான் இருக்கிறது.

பார்த்த வகுப்புகளைக் குறித்து வைக்காவிட்டால் சில பட்டியல்களில் தேடல் ஒரே வகுப்புகளையே சுற்றிக்கொண்டிருக்கும். கையால் செய்பவரும் நிரல் எழுதுபவரும் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

வளர்பாதை எதுவும் இல்லையென்றால் பொருத்தம் உச்சத்தை எட்டிவிட்டது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளாட் பெர்ஷ் 1957-இல் நிறுவினார். காரணம் எளிமையானது. நம் பட்டியலைவிடப் பெரிய பட்டியல் ஒன்று இருப்பதாகக் கொண்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பொதுவான கோடுகளை நீக்குவோம். ஒரு புள்ளியில் அதிகபட்சம் இரண்டு கோடுகளே மிஞ்சும், பட்டியலுக்கு ஒன்று வீதம். எனவே மிஞ்சுபவை வளையங்களும் பாதைகளும்தான். எல்லாவற்றிலும் இரண்டு பட்டியல்களின் கோடுகளும் மாறிமாறி வரும். வளையத்தில் இரண்டும் சம அளவு. பெரிய பட்டியலுக்குக் கூடுதல் கோடு இருப்பதால், ஏதோ ஒரு பாதையிலாவது அதன் கோடுகள் ஒன்று அதிகம் இருந்தாக வேண்டும். அந்தப் பாதைதான் நமக்கு வளர்பாதை.

தேடல் தோற்றாலும் கையில் ஒரு விடை இருக்கும். கணித ஆசிரியர் 9-க்குப் பதில் 8-க்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கண்ட தேடல் இப்போது கணிதத்தோடு நின்றுவிடும். தேடல் தொட்ட ஆசிரியர்கள் நான்கு பேர்: சமூக அறிவியல், ஆங்கிலம், தமிழ், கணிதம். அவர்கள் அனைவரும் சேர்ந்து போகும் வகுப்புகள் 6, 7, 8 என மூன்றே. மூன்று வகுப்பில் நான்கு பேரை எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒருவர் மிஞ்சத்தான் செய்வார். இப்படிப்பட்ட நெருக்கடி எந்தக் குழுவிலும் இல்லையென்றால் எல்லோருக்கும் இடம் உண்டு என்பது பிலிப் ஹால் 1935-இல் வெளியிட்ட தேற்றம். தலைமையாசிரியர் இனிப் பட்டியலோடு போராட வேண்டியதில்லை. அந்த நால்வரில் ஒருவருக்கு 9 அல்லது 10-இல் பாடம் கொடுத்தால் சிக்கல் தீரும். தேடலின் தடமே அதைக் காட்டிவிடுகிறது.

ஓர் ஆசிரியருக்கு ஒரு தேடல் போதும். ஒவ்வொரு தேடலும் கோடுகளை ஒருமுறை பார்ப்பதால், 100 ஆசிரியர்களும் 1,000 கோடுகளும் இருந்தாலும் ஏறக்குறைய ஒரு லட்சம் படிகளில் வேலை முடியும். ஹாப்கிராஃப்டும் கார்ப்பும் 1973-இல் வெளியிட்ட முறை ஒரே சுற்றில் பல குறுகிய வளர்பாதைகளைச் சேர்த்துப் பிடித்து இதையும் குறைக்கிறது.

இந்த முறை எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும். பத்தாம் வகுப்புக்கு அனுபவசாலிதான் வேண்டும் என்பது போன்ற விருப்பங்களுக்குக் கோடுகளில் மதிப்பெண் இட்டு, கூன் 1955-இல் வெளியிட்ட ஹங்கேரிய முறையைப் பயன்படுத்த வேண்டும். வாரம் முழுவதற்குமான கால அட்டவணை வேறு வகைச் சிக்கல். ஆசிரியர்கள் சில பாடவேளைகளில் வர முடியாது என்ற நிபந்தனை சேர்ந்ததுமே, அதற்கு எல்லா நேர்வுகளிலும் விரைந்து விடை தரும் வழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.