மகப்பேற்று விடுப்புக்கு ஒரு வழியனுப்புரை

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவருக்கும் பிரிவுபசாரம் செய்து பழகிவிட்ட நாம், பிரசவத்துக்காக ஆறு மாதம் விடுப்பில் செல்லும் சக ஊழியரின் முன்னிலையிலும் அதே பிரசங்கத்தைப் பேரை மட்டும் மாற்றிப் பேசிவிடுகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெண்மணிக்கோ, தம்முடைய நாற்காலி அப்போதே காலியாகிவிட்டது போன்றதொரு பிரமை உண்டாகிறது. இந்தப் பிழைக்கு மூலகாரணம் வினைச்சொல்லில் இருக்கிறது. “நன்றாக வேலை பார்த்தார், எல்லோரிடமும் அன்பாகப் பழகினார்” என்பது முடிந்துபோன உறவைச் சொல்லும் வாக்கியம். திரும்பி வரப்போகிறவரைப் பற்றிப் பேசும்போது “பார்க்கிறார், பழகுகிறார்” என்றே பேச வேண்டும்.

வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகும் சாலையில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெண்மணிக்கு நவம்பர் 20-ஆம் தேதியைப் பிரசவ நாளாக மருத்துவர் குறித்திருக்கிறார். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம், முதலிரண்டு குழந்தைகளுக்கு உரிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி, அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. அந்த 8 வாரத்தையும் முழுமையாக எடுப்பதானால் விடுப்பு செப்டம்பர் 25-இல் தொடங்கும். 26 வாரமாகிய 182 நாள் மார்ச் 25-இல் நிறைவுறும். ஆகவே, மார்ச் 26 அவர் மறுபடியும் மேஜைக்கு வரும் நாள். பேச எழுபவர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பது நலம்; “சீக்கிரம் வந்துவிடுங்கள்” என்ற பொதுவான வேண்டுகோளில் ஒரு நெருக்கடி ஒளிந்திருக்கிறது, நாளைக் குறிப்பிட்டுச் சொல்வதிலோ நிச்சயம் இருக்கிறது.

பாராட்டு என்பது கண்ணால் கண்ட ஒரு செயலாக இருக்க வேண்டும். “கடமை உணர்ச்சி மிக்கவர்” என்று யாரைப் பற்றியும் சொல்லலாம். மைக்ரோமீட்டரை எடுத்ததும் அதன் இரு முகங்களையும் துணியால் துடைத்து, மூடிப் பார்த்து, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கவனித்த பிறகே முதல் உருப்படியை அளக்கிறார், இரவு ஷிப்டின் கடைசி அரை மணியிலும் அதை அவர் விடுவதில்லை என்று சொன்னால், அந்த அறையில் உள்ள அனைவரும் தலையசைப்பார்கள். இத்தகைய ஒரு காட்சி போதும். மூன்று சொன்னால் பட்டியலாகிவிடும்.

இனி ஹாஸ்யத்தைப் பற்றிய விஷயம். பெண்ணா ஆணா என்று ஊகிப்பது, உடல் பருமனைக் குறிப்பிடுவது, “இனித் தூக்கம் போச்சு” என்று பயமுறுத்துவது ஆகிய மூன்றும் இச்சபைகளில் வழக்கமாக வந்து சேருகின்றன. கருவின் பாலினத்தை மருத்துவர் தெரிவிப்பதே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கும் தேசத்தில், தேநீர்க் கோப்பையோடு நின்று அதைப் பந்தயம் கட்டுவது எவ்விதத்திலும் அழகல்ல. மேலும், குழந்தைக்காக வெகுகாலம் காத்திருப்பவரும், கருவை இழந்தவரும் அதே கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர்கள் யாரென்பது பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. சிரிப்பு எழுந்தவுடன் எல்லோருடைய கண்ணும் விடுப்பில் செல்பவரின் முகத்தை நோக்கித் திரும்பி, அவர் மட்டும் சற்றுத் தாமதித்துச் சிரித்தாரானால், அந்த நகைச்சுவை தவறிவிட்டது என்று அறியலாம்.

வீட்டிலே வளைகாப்பு நடத்த உறவினர் இருக்கிறார்கள். சந்தனமும் வளையலும் அவர்களுடைய உரிமை. சக ஊழியர்கள் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் தூக்கில் கொண்டுவந்து மதியத்தில் பகிர்ந்துகொள்வது மிகவும் விரும்பத்தக்கதே. ஆயினும் உரை மூன்று நிமிஷத்தைத் தாண்டலாகாது, அவரை நாற்காலியில் அமரவைத்துவிட்டே தொடங்க வேண்டும். பின்வருமாறு பேசலாம்:

“நண்பர்களே, நம் பரிசோதனை மேஜையில் அளவு தவறி ஓர் உருப்படி வெளியே போனதாக நாம் கேள்விப்படாமல் இருப்பதற்கு, பூஜ்யத்தைப் பார்க்காமல் அளவெடுக்காத இந்தச் சகோதரியின் பழக்கமும் ஒரு காரணம். நாளை முதல் அவருடைய பதிவேட்டை யார் பார்த்துக்கொள்வது என்பது தீர்மானமாகிவிட்டது. அது குறித்து அவர் வீட்டில் இருந்தபடி ஒரு கணமும் யோசிக்க வேண்டியதில்லை, நாங்களும் தொலைபேசியில் தொந்தரவு செய்ய மாட்டோம். தாயும் சேயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய பிரார்த்தனை. மார்ச் 26-ஆம் தேதி காலை, அதே மேஜையில், அவருக்காகக் காத்திருக்கிறோம்.”

பதிவேட்டைப் பற்றிய அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமானால், உரைக்கு ஒரு வாரம் முன்பே மாற்றாள் நியமிக்கப்பட்டு, அவர் அருகில் அமர்ந்து வேலையைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுவதே நேர்மை. தேதியையும் நிர்வாகத்திடமும் அவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்; ஏனெனில் சிலர் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களைக் குறைத்துக்கொண்டு, குழந்தையோடு இருக்கும் நாட்களை நீட்டிக்கொள்கிறார்கள், அப்போது கணக்கு மாறிவிடும்.