கிராம ஆராய்ச்சியும் அதன் மூன்று கேள்விகளும்

சிவகாசிப் பகுதியிலுள்ள எம். புதுப்பட்டியில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில், பஞ்சாயத்து உறுப்பினரான ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஆறு மாதத்திற்கு ஒரு முறை எங்கள் குழந்தைகளின் வாயில் வைட்டமின் ஏ திரவத்தை ஊற்றுகிறார்கள். அதனால் நன்மை உண்டு என்று யார் கண்டார்கள்? எப்படிக் கண்டார்கள்?" என்பது அவர் கேள்வி.

அது நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையின் முக்கியமான ஒரு பகுதி, நமது தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே கிடைத்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1990-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். அந்த முடிவை நாம் ஏன் நம்பலாம் என்பதை அறிய மூன்று விஷயங்கள் விளங்க வேண்டும். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? வேறு காரணம் எதுவும் ஊடே புகுந்ததா? எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்பதை யார் அறிந்திருந்தார்கள்? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

மாதிரி எடுத்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சோற்றுக்கு அது பொருந்தும். ஏனெனில் பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்தவை. ஊரோ அவ்வாறன்று. தெருவுக்குத் தெரு தொழில் வேறு, வசதி வேறு.

ஓர் ஊரில் 600 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் 60 வீடுகளைப் பார்த்து, குழந்தைகளின் உடல்நிலையை அறிய விரும்புகிறோம். கணக்கெடுப்பவர் பகல் பதினொரு மணிக்கு வந்து, பிரதான சாலையோரம் திறந்திருக்கும் வீடுகளில் ஏறி இறங்கி 60 என்ற எண்ணை நிரப்பிவிடலாம். ஆனால் பட்டாசுத் தொழிலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் செல்லும் பெண்களின் வீடுகள் அந்நேரத்தில் பூட்டிக் கிடக்கும். ஆகவே, எந்தக் குடும்பங்களைப் பற்றி அதிகம் அறிய வேண்டுமோ அவையே கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். இவ்வாறு 60 வீடுகளுக்குப் பதிலாக 300 வீடுகளைப் பார்த்தாலும் பிழை நீங்காது. எண்ணிக்கை கூடுமேயன்றி, பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கும்.

செய்ய வேண்டிய முறை எளிது. முதலில் எல்லா வீடுகளுக்கும் வரிசையாக எண்ணிட்டு ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். ஒன்று முதல் பத்து வரை எழுதிய சீட்டுகளுள் ஒன்றைக் குலுக்கி எடுக்க வேண்டும். 7 வந்தால் 7, 17, 27 என்று பத்துக்கு ஒரு வீடாக 597 வரை செல்ல வேண்டும். பூட்டியிருக்கும் வீட்டிற்குப் பதிலாக அடுத்த வீட்டை எடுத்துக்கொள்வது கூடாது. மாலையிலோ, விடுமுறை நாளிலோ அதே வீட்டிற்கு மீண்டும் செல்ல வேண்டும். மும்முறை சென்றும் பார்க்க இயலாத வீடுகள் எத்தனை என்பதை முடிவோடு சேர்த்தே எழுத வேண்டும். ஒரு கணக்கெடுப்பு நேர்மையானதா என்பதை அந்த ஓர் எண்ணைக் கொண்டே பெரிதும் அறிந்துகொள்ளலாம்.

திருச்சிராப்பள்ளி ஆராய்ச்சியில் குழந்தைகளைத் தனித்தனியே இரு பிரிவாகப் பிரிக்கவில்லை. ஒரு வீட்டில் அண்ணனுக்கு ஒரு மருந்தும் தம்பிக்கு வேறு மருந்தும் கொடுத்தால், தாய் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே அந்த வட்டாரத்தைச் சுமார் இருநூறு சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதியிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் ஒரே வகை மருந்து என்று வைத்துக்கொண்டனர். எந்தத் தொகுதிக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே தெருவில் வாழ்வோர் ஒரே கிணற்று நீரைக் குடித்து, ஒரே தொழிலைச் செய்து, பலவற்றில் ஒத்திருப்பர். எனவே ஒரு தெருவில் எடுத்த 60 குழந்தைகள், ஊர் முழுவதும் பரவலாக எடுத்த 60 குழந்தைகள் தரும் அளவு செய்தியைத் தரமாட்டார்கள். இரண்டே ஊர்களை எடுத்து, ஒன்றில் மருந்து கொடுத்து மற்றொன்றில் கொடாதிருந்தால், ஆயிரம் குழந்தைகள் இருப்பினும் அது இரண்டு ஊர்களின் ஒப்பீடு மட்டுமே. தொகுதிகளின் எண்ணிக்கை பெருகினால்தான் முடிவு உறுதிபெறும்.

ஊடே புகும் காரணம்

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. இதனையும் ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன்.

வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகள் 100 பேரை எடை பார்த்ததில் 40 பேர் மெலிந்திருந்தனர் என்றும், வீட்டிலிருக்கும் தாய்மாரின் குழந்தைகள் 100 பேரில் 25 பேரே மெலிந்திருந்தனர் என்றும் வைத்துக்கொள்வோம். "தாய் வேலைக்குப் போவதே கேடு" என்று கூட்டத்தில் உடனே தீர்மானம் எழும். சற்றுப் பொறுத்து, நிலமுள்ள குடும்பம், நிலமற்ற குடும்பம் என்று பிரித்துப் பார்ப்போம். வேலைக்குச் செல்வோரில் நிலமற்றவர் 80 பேர். அவர்களின் குழந்தைகளில் மெலிந்தவர் 36. நிலமுள்ளோர் 20 பேர். அவர்களில் மெலிந்தவர் 4. வீட்டிலிருப்போரில் நிலமற்றவர் 20 பேர், மெலிந்தவர் 9. நிலமுள்ளோர் 80 பேர், மெலிந்தவர் 16.

இப்போது விகிதத்தைப் பாருங்கள். நிலமற்றவரிடையே, தாய் வேலைக்குச் சென்றாலும் செல்லாவிட்டாலும் நூற்றுக்கு 45. நிலமுள்ளவரிடையே இரு வகையிலும் நூற்றுக்கு 20. தாயின் வேலையால் யாதொரு வேறுபாடும் இல்லை. வறுமையே குழந்தையை மெலியச் செய்தது. அதே வறுமைதான் தாயையும் வேலைக்கு அனுப்பியது. இவ்வாறு இரண்டுக்கும் பின்னே நின்று நம்மை மயக்கும் காரணத்தையே ஆராய்ச்சியாளர் குழப்பும் காரணி என்பர். அதைக் காணத் தவறினால், ஏழைத் தாய்மாரின் கூலியைத் தடுக்கும் தீர்மானத்தை நாமே நிறைவேற்றிவிடுவோம்.

வைட்டமின் ஏ விஷயத்திலும் இதே ஐயம் எழுந்தது. டாக்டர் ஆல்பிரட் சோமர் என்பவர் இந்தோனேசியாவில், மாலைக்கண் முதலிய கண் அறிகுறிகள் உள்ள குழந்தைகள் ஏனையோரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இறப்பதைக் கண்டு, 1983-இல் அறிவித்தார். வைட்டமின் குறைவால் இறந்தனரா? அல்லது ஏழ்மையும் வயிற்றுப்போக்கும் மிகுந்த வீடுகளில் பிறந்ததால் மாலைக்கண்ணும் வந்து, மரணமும் வந்ததா? தெரிந்த காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம். தெரியாத காரணங்களை எவ்வாறு பிரிப்பது?

அதற்குத் துணைபுரிவது குலுக்கல். எந்தத் தொகுதிக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டு முடிவு செய்யும்போது ஏழையும் செல்வரும், நல்ல நீருள்ள தெருவும் இல்லாத தெருவும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே விழும். நாம் எண்ணிப் பாராத காரணங்களும் அவ்வாறே பிரிந்துவிடும். "எங்கள் தெருவுக்கு முதலில் நல்ல மருந்தைக் கொடுங்கள்" என்று யாரேனும் வற்புறுத்தி மாற்றிவிட்டால், இந்தச் சமநிலை அன்றே குலைந்துவிடும்.

மறைப்பு முறை

சோமர் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியில் வைட்டமின் ஏ கொடுத்தார். அக்கிராமங்களில் குழந்தை மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1986-இல் வெளியான இம்முடிவைப் பலர் ஏற்கவில்லை. மற்ற பாதிக் கிராமங்களுக்கு ஒப்புமருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது அவர்கள் கூறிய குறை. மருந்து பெறும் ஊர் எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அங்கே கவனிப்பும் கூடலாம், கணக்கெடுப்பும் வேறுபடலாம் அல்லவா?

திருச்சிராப்பள்ளி ஆராய்ச்சி இக்குறையை நீக்கிற்று. வாரந்தோறும் ஊழியர்கள் வீட்டிற்குச் சென்று எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து புகட்டினர். ஒரு பிரிவுக்கு 8,333 அலகு வைட்டமின் ஏ, அதனுடன் 20 மில்லிகிராம் வைட்டமின் ஈ. மற்றப் பிரிவுக்கு அந்த 20 மில்லிகிராம் வைட்டமின் ஈ மட்டுமே. எது எவருக்கு என்பது தாய்க்கும் தெரியாது, ஊழியருக்கும் தெரியாது. வாராவாரம் ஒருவர் வந்து குழந்தையைப் பார்ப்பதால் ஏற்படும் நன்மை இரு பிரிவுக்கும் பொதுவாயிற்று. எஞ்சிய வேறுபாடு வைட்டமின் ஏ ஒன்றே.

ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். விபத்தால் நேர்ந்தவை நீங்கலாக 117 மரணங்கள். வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளுக்கு மரண அபாயம் மற்றவருக்கு இருந்ததில் பாதிக்கும் குறைவாக, நூற்றுக்கு 46 என்ற அளவிலேயே இருந்தது. மூன்று வயதுக்குட்பட்டோரிடமும், நெடுநாள் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியோரிடமும் பலன் மிகுதி.

மறைப்பின் பயனை மற்றொரு செய்தியாலும் உணரலாம். அதே குழந்தைகளுக்கு வாராவாரம் வந்த வயிற்றுப்போக்கு, சளி, இருமல் ஆகியவற்றையும் குறித்து வந்தனர். அவற்றில் இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று 1991-இல் வெளியிட்டனர். நோய் வருவது குறையாமல் மரணம் குறைந்ததால், வந்த நோயைத் தாங்கும் வலிமையை வைட்டமின் தந்தது என்று கருத இடமுண்டு. நல்ல மருந்து எது என்பதைத் தாய்மார் அறிந்திருந்தால், "இப்போது இருமலே இல்லை" என்று ஆசையினால் கூறியிருப்பர். ஊழியரும் அவ்வாறே எழுதியிருப்பர்.

அம்மையாருக்கு அளித்த விடை

ஓர் ஆராய்ச்சியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஹைதராபாத்தில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பெரிய அளவில் மருந்து கொடுத்து நடத்திய ஆராய்ச்சி அதே 1990-இல் வெளியாயிற்று. அதில் மரணத்தில் வேறுபாடு தென்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சியில் வேறுபாடு நூற்றுக்கு 4 மட்டுமே. அது தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே. அதில் ஒப்புமருந்தும் கொடுக்கப்படவில்லை. ஆகவே எண்ணிக்கை பெரிதாயிருப்பது மட்டும் எல்லா ஐயத்தையும் தீர்ப்பதில்லை.

அந்த அம்மையாரிடம் நான் கூறியது இதுவே. "அம்மா, இம்மருந்து குழந்தைகளைக் காத்தது என்பது நம் நாட்டுக் கிராமங்களிலேயே ஒழுங்கான முறையில் காணப்பட்டது. குறைபாடு மிகுந்த வீட்டில் பலன் மிகுதி, குறைந்த வீட்டில் பலன் குறைவு. திருச்சிராப்பள்ளியில் வாராவாரம் கொடுத்த அளவு உணவிலிருந்தே பெறக்கூடியது. ஆகையால் மருந்தையும் தவறவிட வேண்டாம், முருங்கைக் கீரையையும் விட வேண்டாம்."

இனி நமது ஊருக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வருமாயின், பஞ்சாயத்து உறுப்பினர்கள் அனுமதி அளிக்குமுன் மூன்றைக் கேட்க வேண்டும். பூட்டிய வீடுகளுக்கு மீண்டும் எப்போது வருவீர்கள்? இரு பிரிவையும் குலுக்கிப் பிரித்தீர்களா, அல்லது வசதிப்படி பிரித்தீர்களா? கணக்கெடுப்பவருக்கு எவர் எந்தப் பிரிவு என்பது தெரியுமா? இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம். பலன் உண்டு என்று தெரிந்ததும், ஒப்புமருந்து பெற்ற எங்கள் குழந்தைகளுக்கு உண்மை மருந்தை எந்த மாதத்தில் கொடுப்பீர்கள்? இதற்கு விடையை எழுத்து மூலம் பெற்று, பஞ்சாயத்துப் பதிவேட்டில் சேர்த்துவிடுவது நலம்.