தொகை மட்டும் கேட்டால் போதாது

மார்ச் 31 முடிந்ததும் கணக்குப் பிரிவிலிருந்து சப்ளையர்களுக்கு நிலுவை உறுதிக் கடிதம் போகும். "எங்கள் புத்தகப்படி உங்களுக்குத் தரவேண்டியது ரூ.4,60,000. 15 நாட்களில் பதில் வராவிட்டால் சரியென எடுத்துக்கொள்வோம்" என்பதே அதன் வழக்கமான வாசகம். இதற்குப் பதில் வராமல் போவதே அதிகம். அந்த மௌனத்தை ஆடிட்டர் எளிதில் சான்றாக ஏற்பதில்லை. பதில் வந்தாலும் "எங்கள் கணக்கில் ரூ.6,04,100" என்று ஒரே வரிதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ரூ.1,44,100 எங்கே என்பதைத் தேடத்தான் நாட்கள் கரைகின்றன.

ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனமும் அதற்கு வார்ப்புகள் தரும் ஃபவுண்டரியும் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தை இப்படி மாற்றலாம்:

"மார்ச் 31 அன்று எங்கள் லெட்ஜரில் கட்டப்படாமல் நிற்கும் பில்களை, உங்கள் பில் எண், தேதி, தொகையுடன் இணைத்துள்ளோம். எங்கள் டெபிட் நோட்டுகளும் டி.டி.எஸ். பிடித்தமும் தனியே உள்ளன. எங்கள் பெயரிலான உங்கள் லெட்ஜரை, ஜனவரி முதல் மார்ச் 31 வரை, எக்செல் கோப்பாக அனுப்புங்கள்."

பில் எண் கட்டாயம் சப்ளையருடையதாக இருக்க வேண்டும். பல அலுவலகங்கள் தங்கள் சரக்கு வரவு எண்ணையே லெட்ஜரில் போட்டுவிடுகின்றன. எதிர்த்தரப்புக்கு அது எதையும் சொல்லாது. தேதியை வைத்துப் பொருத்துவதும் பலிக்காது, ஏனென்றால் பில் போட்ட நாள் வேறு, சரக்கு வந்து பதிவான நாள் வேறு.

எண்ணுக்கு எண் பொருத்தியதும் வித்தியாசம் மூன்றாகப் பிரிகிறது. மார்ச் 30-இல் ஃபவுண்டரி அனுப்பி, ஏப்ரல் 2-இல் வந்துசேர்ந்த சரக்கின் பில், ஜி.எஸ்.டி.யோடு ரூ.1,18,000. பழுதென்று திருப்பிய வார்ப்புகளுக்கான டெபிட் நோட் ரூ.23,600, அவர்கள் பதியவில்லை. டி.டி.எஸ். ரூ.2,500-ஐயும் பதியவில்லை. கூட்டினால் ரூ.1,44,100.

டி.டி.எஸ்.ஸை ஃபவுண்டரி பதிந்தால் போதும். டெபிட் நோட்டைப் பதிவதற்கு முன், பழுது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வழியிலிருந்த சரக்குக்கு ஆர்டரின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். ஃபவுண்டரியின் வாசலிலேயே சரக்கு நம்முடையதாகிறது என்றால், நம் புத்தகம்தான் தவறு: மார்ச் 31 கணக்கிலேயே அந்தக் கடனும் சரக்கும் ஏற வேண்டும்.

இது கணக்குப் பிரிவு முன்கூட்டியே செய்யும் வேலை. ஆடிட்டர் தன் பங்குக்குத் தனிக் கடிதம் அனுப்பக்கூடும். அதற்கான பதில் நேரே அவருக்குத்தான் போக வேண்டும். அதில் நம் தொகையைக் குறிப்பிடாமல் விடுவது நல்லது. தொகை இருந்தால், தன் லெட்ஜரைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். நிலுவை பெரிதாக இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், ஆண்டு முழுக்க நிறைய வாங்கியும் மார்ச் 31-இல் பூஜ்யமாக நிற்கும் சப்ளையர் விடுபட்டுப்போவார். பதியாத பில் ஒளிந்திருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.