இருட்டு கிடைக்காத இரவு

காவிரிக் கரைத் துறவு – 17

ஸ்ரீரங்கத்து நந்தவனத்தில் பெருமாளுக்குப் பூத்தொண்டு செய்த விப்ரநாராயணர், அவரை மயக்கிய கணிகை தேவதேவி, அந்த மழை இரவு. போன வாரம் எல்லாம் பார்த்தாயிற்று. 

இந்த வாரம் திருச்சி தெப்பக்குளம் பக்கம் போய், செயின்ட் ஜோசப் கல்லூரியை நடத்தும் இயேசு சபைத் துறவிகளின் மூன்று வார்த்தைப்பாடுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகள் மேசைமேல்தான் இருக்கின்றன. ஆனால் திங்கட்கிழமை காலை ஸ்ரீரங்கத்துக் குருபரம்பரைக் கதைகளைப் புரட்டும்போது எம்பாரின் கதை கண்ணில் பட்டது. சிறு வயதில் கேட்ட கதைதான். இந்தத் தொடர் எழுத ஆரம்பித்த பிறகு அதை வேறு கண்ணோடு படித்தேன். மூன்று நாளாக அதை விட்டு நகர முடியவில்லை. நாளை மதியத்துக்குள் பக்கம் போக வேண்டும். ஆகவே எம்பார்தான்.

எம்பாரின் இயற்பெயர் கோவிந்தர். இராமானுசரின் சித்தி மகன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் மதுரமங்கலம் சொந்த ஊர். யாதவப்பிரகாசரின் சீடர்கள் காசி யாத்திரையின் வழியில் இராமானுசரைக் கொல்லத் திட்டமிட்டபோது, காதில் போட்டு அவரைத் தப்பவைத்தவர் இந்தக் கோவிந்தர்தான். பிறகு காளத்தியில் சிவத்தொண்டு செய்தார். தாய்மாமன் பெரிய திருமலை நம்பி அவரை வைணவத்துக்குத் திருப்பினார். நம்பியிடம் பணிவிடை செய்து, கடைசியில் இராமானுசரோடு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார்.

கோவிந்தருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் அவர் மனைவியோடு சேர்ந்து வாழவில்லை. எந்நேரமும் மடம், கோயில், ஆசாரியனின் திருவடி. அவருடைய தாயார் பொறுத்துப் பார்த்துவிட்டு இராமானுசரிடமே போய் முறையிட்டார். மருமகள் பருவம் எய்திக் காத்திருக்கிறாள், பிள்ளை வீடு தங்குவதில்லை என்று.

இராமானுசர் அப்போது ஸ்ரீரங்கத்து மடத்தின் தலைவர். தாமே மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுத் துறவு பூண்டவர். தம்பிக்கு வைராக்கியம் வந்துவிட்டது, காவி கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. இருட்டும் தனிமையும் கிடைக்கும் நேரத்தில் மனைவியோடு இரு என்று கோவிந்தரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

கோவிந்தர் ஆசாரியன் சொல்லைத் தட்டவில்லை. அன்றிரவு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். விடியும்வரை பெருமாளின் குணங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் தாயார் விஷயத்தைச் சொல்ல, இராமானுசர் கோவிந்தரைக் கூப்பிட்டுக் கேட்டார். தேடிப் பார்த்தேன், இருட்டும் கிடைக்கவில்லை, தனிமையும் கிடைக்கவில்லை, எங்கே பார்த்தாலும் உள்ளே நின்று அவன் விளக்காகத் தெரிகிறானே என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் இராமானுசர், இல்லறமும் இல்லாமல் துறவறமும் இல்லாமல் நடுவில் நிற்பதைச் சாஸ்திரம் ஒப்பாது என்று சொல்லிக் காவியும் முக்கோலும் தந்தார்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் கோவிந்தரின் பக்திக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு இந்த முறை பெரிதாகத் தெரிந்தது இராமானுசரின் எச்சரிக்கை. பெண்ணை ஒதுக்கி வாழும் ஒரு வாலிபனைப் பார்த்ததும் அது துறவுதான் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது கூச்சமாக இருக்கலாம். பயமாக இருக்கலாம். குடும்பப் பொறுப்பிலிருந்து நழுவுவதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க அவருக்கு இருந்த வழி, ஓடி ஒளிய முடியாத இடத்தில் அந்த மனிதரை உட்காரவைப்பது. பயந்தவர் அந்த அறைக்குள் போயிருக்க மாட்டார், போனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார். கோவிந்தர் மனைவியோடு இரவு முழுக்கப் பேசினார்.

இங்கேதான் விப்ரநாராயணரின் நினைவு வருகிறது. சோழன் அரண்மனையிலிருந்து திரும்பும் வழியில் தேவதேவி நந்தவனத்துக்குள் வந்தபோது அவர் தலை நிமிரவே இல்லை. அந்த நிமிராத தலைதான் அவளைச் சீண்டியது, அவரை மயக்கிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டவைத்தது. பல மாதம் கழித்து ஒரு மழை இரவில் அந்தத் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகு நடந்ததை ஆழ்வாரே தம் திருமாலையில் மறைக்காமல் பாடி வைத்திருக்கிறார். பார்க்காமல் இருந்ததும் ஆசை இல்லாமல் இருந்ததும் ஒன்றல்ல என்று அவருக்கே தெரிந்த பிறகுதான் அவர் தொண்டரடிப்பொடி ஆனார்.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதோடு பொருந்துகிறது. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியை அடி என்று ஒரு குழுவிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம் தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். வேண்டாம் என்று தள்ளும் மனம், தள்ள வேண்டியது வருகிறதா என்று காவல் காக்கிறது. காவல் காப்பதற்கே அதை நினைக்க வேண்டியிருக்கிறது. கோவிந்தர் எதையும் தள்ளிக்கொண்டிருக்கவில்லை. அவர் மனம் வேறொன்றால் நிறைந்திருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அந்த மனைவி என்ன நினைத்தாள்? கதை அவள் பக்கத்தைச் சொல்வதில்லை. கணவன் இருளைக் காணாத அந்த இரவு அவளுக்கு எப்படி விடிந்தது என்று நாம் கேட்டே ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் எடுக்கும் பிரம்மச்சரியம் இரண்டு பேரின் வாழ்க்கை. ஒருவர் மட்டும் முடிவெடுத்தால், அவர் எவ்வளவு பெரிய பக்தராக இருந்தாலும் மற்றவருக்கு அது விதிக்கப்பட்டதுதான்.

எம்பார் என்ற பெயர் வந்த விதம்தான் என்னை மிகவும் மகிழ்வித்தது. துறவு தரும்போது இராமானுசர் தம் பெயரான எம்பெருமானாரையே தம்பிக்குச் சூட்டினார். திருக்கோட்டியூர் நம்பி மனம் நெகிழ்ந்து இராமானுசருக்குக் கொடுத்த பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்க எனக்குத் தகுதியில்லை என்று கோவிந்தர் மறுக்க, அதையே சுருக்கி எம்பார் என்று வைத்தார்கள். அந்த எம்பார்தான் பின்னாளில் கூரத்தாழ்வான் வீட்டில் பிள்ளைகள் பிறந்தபோது, இராமானுசர் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே போய்க் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியிலேயே குழந்தைக்குக் காப்பாக மந்திரத்தை ஓதினார். அந்தக் குழந்தை பராசர பட்டர், எம்பாருக்குப் பின் ஸ்ரீரங்கத்துப் பீடத்தில் அமர்ந்தவர். பிள்ளை பெறாத துறவி பிள்ளை பெற்ற வீட்டுக்குள் இவ்வளவு இயல்பாகப் போய் வந்திருக்கிறார். குடும்பத்தின்மேல் அருவருப்பு இருந்திருந்தால் அந்தக் கையில் யாரும் குழந்தையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆற்றைக் கடந்து மலைக்கோட்டைக்கு வந்தால், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி, அதே எச்சரிக்கையைச் சைவத்திலும் பார்க்கலாம். தாயுமானவர், திருச்சியை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் தந்தை கேடிலியப்ப பிள்ளை பார்த்த சம்பிரதி வேலையைப் பார்த்தவர். இளம் வயதிலேயே மௌனகுருவைக் கண்டு உடனே துறவு கேட்டார். குரு தரவில்லை. சும்மா இரு, இல்லறத்தில் இருந்து ஒரு பிள்ளை பெற்ற பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார் என்பது மரபு.

1732-இல் நாயக்கர் வாரிசு இல்லாமல் இறந்தார். ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். ராணி தாயுமானவர்மேல் ஆசை வைத்ததாகவும், அவர் சீடர் அருளையரின் துணையோடு இரவோடு இரவாக ஊரைவிட்டு இராமநாதபுரம் பக்கம் போய்விட்டதாகவும் மரபு சொல்கிறது. பெண்ணுக்குப் பயந்து ஓடினார் என்று இதைச் சிலர் படிக்கிறார்கள். அது சரியில்லை. அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். தமையன் சிவசிதம்பரம் பிள்ளை வந்து அழைக்க, வேதாரண்யம் போய் மட்டுவார்குழலி என்ற பெண்ணை மணந்தார். கனகசபாபதி என்று ஒரு மகன் பிறந்தான். பெண் என்றாலே நடுங்குகிறவர் கல்யாணப் பந்தலில் உட்கார மாட்டார். அவர் மறுத்தது அதிகாரம் இழுத்த இழுப்பை. மனைவி இறந்த பிறகு மகனைத் தமையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அப்போது மௌனகுரு மறுக்கவில்லை.

இந்தக் கதைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு கடிதமும் இந்த வாரம் வந்தது. திருச்சியில் மேன்ஷனில் தங்கி வேலை பார்க்கும் ஓர் இளைஞர் எழுதியிருந்தார். பதினான்கு மாதமாகப் பிரம்மச்சரியம் காப்பதாகவும், நாளை எண்ணிக் காலண்டரில் குறிப்பதாகவும், தூக்கத்தில் விந்து வெளியேறினால் மறுநாள் பட்டினி கிடப்பதாகவும் சொல்கிறார். காரணத்தைக் கடைசிப் பத்தியில்தான் எழுதியிருக்கிறார். பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒரு "வைத்தியர்", சிறுவயதில் செய்த தப்பினால் நரம்பெல்லாம் தளர்ந்துவிட்டது, இனி ஒரு துளி போனாலும் ஆண்மை போய்விடும் என்று சொல்லி, லேகியத்துக்குப் பணமும் வாங்கியிருக்கிறார்.

தம்பி, விந்து கையிருப்பு வைத்துச் செலவழிக்கும் பொருள் அல்ல. உடம்பு அதைத் தினமும் செய்துகொண்டே இருக்கிறது. ஓர் உயிரணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். வெளியேறாதவற்றை உடம்பே சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும். தூக்கத்தில் வெளியேறுவது நோயல்ல. விந்து போனதால் உடம்பு கெட்டது என்ற பயம் நம் நாட்டு இளைஞர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கவனித்து, மனநல மருத்துவர் என். என். விக் 1960-இலேயே அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயர் வைத்தார். களைப்பு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதில் உண்டு. அவற்றைத் தருவது பயம்.

நான் காப்பது பிரம்மச்சரியமா என்று கேட்டிருந்தீர்கள். நாளை எண்ணுகிறீர்கள், தவறினால் உடம்பைத் தண்டிக்கிறீர்கள், பெண்கள் எதிரே வந்தால் தெருவை மாற்றுகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் கடவுள் ஓரிடத்திலும் வரவில்லை. இது பயம் தம்பி. துறவு வேண்டுமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். லேகியத்தை நிறுத்துங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒரு நாள் காட்டுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம், கட்டணம் இல்லை. பேசிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன இயேசு சபையில் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் நவதுறவகத்தில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டு அடுத்த வாரம்.