நாற்பது விநாடியில் ஒரு சிலேடை

கல்லூரி ஆண்டு விழாவிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் கைப்பேசிக் காணொளியிலும் இப்போது அதிகம் கேட்கப்படுவது நாற்பது விநாடிக் குறுநாடகம். இரண்டு பேர், ஒரு இடம், ஒரு சிரிப்பு. நீண்ட நாடகத்தில் ஒரு நகைச்சுவை விழாவிட்டால் அடுத்தது காப்பாற்றிவிடும். கிரேசி மோகன் 1976-இல் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' போன்ற மேடை நாடகங்களில் சொல் விளையாட்டு அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். ஒன்றுக்குச் சிரித்து முடிக்கும் முன் இன்னொன்று காத்திருக்கும். நாற்பது விநாடியில் அந்த வசதி இல்லை. அந்த ஒரே சிரிப்பை எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிலேடை நமக்குப் புதிதல்ல. ஒரு சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் கொள்வதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்துப் பொருள் கொள்வதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் தண்டியலங்காரம் வகுத்துவைத்திருக்கிறது. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடிக் காட்டினார். ஆனால் அந்தப் பாட்டுக்கும் குறுநாடகத்துக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. புலவர் பாட, கேட்பவருக்கு இரண்டு பொருளும் முன்பே தெரியும். பாம்புக்கும் பழத்துக்கும் எப்படி ஒன்றாகப் பொருந்துகிறது என்று வியப்பதே அங்கே இன்பம். குறுநாடகத்தில் ஒரு பொருள்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்றது கடைசி நொடி வரை மறைந்திருக்க வேண்டும். சிலேடை எழுதத் தெரிந்தவர்கள்கூட மேடையில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு பொருளையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள்.

சொல்லைத் தேர்வது

முதலில் கதையைத் தேடாதீர்கள், சொல்லைத் தேடுங்கள். அதற்கு மூன்று சோதனைகள் வைக்கலாம்.

ஒன்று, இரண்டு பொருளும் அன்றாடப் பேச்சில் புழங்க வேண்டும். 'மதி' என்றால் அறிவு, நிலா என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் டீக்கடையில் யாரும் நிலாவை மதி என்று சொல்வதில்லை. யோசித்துப் புரிந்துகொண்டு சிரிப்பதற்குள் நாற்பது விநாடி முடிந்துவிடும்.

இரண்டு, காதுக்கு ஒன்றாக ஒலிக்க வேண்டும். 'பள்ளி', 'பல்லி' என்பதை வைத்துப் பலர் முயல்கிறார்கள். ளகரத்தைச் சரியாகச் சொல்லும் நடிகர் வந்தால் சிலேடை செத்துவிடும், சரியாகச் சொல்லாதவர் வந்தால் பிழைக்கும். நடிகரின் நாக்கை நம்பி எழுத முடியாது. பிரிமொழிச் சிலேடையிலும் இதே சிக்கல்தான். 'பலகாரம்' என்பதைப் 'பல காரம்' என்று உடைக்க, நடிகர் நடுவில் சற்று நிறுத்தியாக வேண்டும். அந்த நிறுத்தம் வந்ததுமே பார்வையாளர் உஷாராகிவிடுவார். அதனால் குறுநாடகத்துக்குச் செம்மொழிச் சிலேடையே பாதுகாப்பானது.

மூன்று, அந்தச் சொல்லைச் சுற்றி வரும் வேற்றுமை உருபுகளும் வினைகளும் இரு பொருளுக்கும் பொருந்த வேண்டும். இதைத்தான் பலர் சோதிப்பதில்லை. சொல் இரு பொருள் தரும். ஆனால் அதை வாக்கியத்தில் வைத்தவுடன் ஒரு பொருள் உதிர்ந்துவிடும்.

'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி ஒரு பொருள், படிப்பது இன்னொன்று. இரண்டும் எல்லோருக்கும் தெரியும், ஒலியில் வேறுபாடு இல்லை. எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் பிள்ளையை 'எப்பப் பாத்தாலும் படி படின்னே கிடக்கான்' என்று சொல்வது வழக்கம். கொத்தனார் மகனைப் பற்றியும் அதையே சொல்லலாம். இதற்குத் துணையாக இன்னொரு வசதி அமைகிறது. தமிழில் 'டாக்டருக்குப் படிக்கிறான்' என்கிறோம். டாக்டர் வீட்டில் வேலை செய்பவரும் 'டாக்டருக்கு' செய்து தருகிறார். 'கு' என்னும் உருபு இரண்டு பக்கமும் திரும்புகிறது. சிலேடையைத் தாங்கும் தூண் 'படி' மட்டுமல்ல, இந்தக் 'கு'வும்தான்.

நாடகம்

இடம் ஒரு வீட்டுத் திண்ணை. கல்யாணத் தரகர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பையனின் அம்மா எதிரே.

தரகர்: பையன் என்ன பண்றாரும்மா?

அம்மா: விடிஞ்சா அடைஞ்சா படி, படி, படிதாங்க.

தரகர்: அடேயப்பா! எதுக்கு, டாக்டருக்கா?

அம்மா: இப்ப டாக்டருக்குத்தாங்க. போன வருஷம் வக்கீலுக்கு முடிச்சான்.

தரகர் (வேகமாக எழுதிக்கொண்டே): ரெண்டுமா! ஞாயித்துக்கிழமையாவது ஓய்வு உண்டா?

அம்மா: அன்னைக்கும் படிதாங்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு.

தரகர்: டாக்டருக்கு இன்னும் எவ்வளவு பாக்கிம்மா?

அம்மா: நாலே நாலுதாங்க பாக்கி, டாக்டர் வீட்டு மாடிக்கு!

(தரகரின் பேனா அப்படியே நிற்கிறது.)

பேச்சு நாற்பது சொற்களுக்குள் முடிகிறது. இதைவிடக் கூடுதலாக எழுதத் தோன்றும், தேவையில்லை. தரகர் எழுதும் நேரம், வாக்கியங்களுக்கு நடுவில் விடும் மூச்சு, கடைசியில் சிரிப்புக்கு விட வேண்டிய நாலைந்து விநாடி எல்லாம் சேர்ந்துதான் நாற்பது. அறுபது எழுபது சொல் எழுதினால் நடிகர்கள் ஓட்டமாக ஓடுவார்கள். ஓட்டத்தில் முதலில் அடிபடுவது உங்கள் சிலேடைச் சொல்தான்.

ஒவ்வொரு வரியும் செய்யும் வேலை

முதல் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடுகிறது. தரகர், நோட்டு, 'பையன் என்ன பண்றாரு' என்ற மூன்றும் சேர்ந்து, நாம் படிப்பு, உத்தியோகம், சம்பளம் பற்றிப் பேசப்போகிறோம் என்று பார்வையாளரை ஒரு தடத்தில் ஏற்றிவிடுகின்றன. அந்தத் தடத்தில் 'படி' என்ற சொல் வரும்போது மாடிப்படி யாருக்கும் தோன்றாது.

அடுத்து, திசைமாற்றத்தைச் செய்வது அம்மா அல்ல, தரகர். 'டாக்டருக்கா?' என்று கேட்பவர் அவர். அம்மா சொல்வது அத்தனையும் உண்மை. இது முக்கியமான விதி. நாடகம் முடிந்த பிறகு பார்வையாளர் மனத்துக்குள் திரும்பிப் போய் ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பார். ஒரு வரியில் அம்மா பொய் சொல்லியிருந்தாலும் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வரும், சிரிப்பு கசந்துவிடும். 'பரீட்சைக்குத் தயாராகுறான்' என்று ஒரு வரி சேர்த்தால் திசைமாற்றம் இன்னும் பலமாக இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் கொத்தனாருக்குப் பரீட்சை இல்லை. அந்த வரி பொய், அதனால் அது கூடாது.

'குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு' என்பது நேர்மையான துப்பு. புத்தகத்தின் மேல் குனிந்தாலும் இடுப்பு வலிக்கும், கரண்டியும் கலவையுமாகக் குனிந்தாலும் வலிக்கும். முதலில் 'வெயில்ல கருத்துட்டான்' என்று எழுதத் தோன்றும். அது உண்மைதான். ஆனால் வெயில் என்றதும் கவனமாகக் கேட்கும் ஒருவர் கட்டட வேலையைப் பிடித்துவிடுவார். துப்பு இரு பொருளிலும் சம எடையோடு நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'படி' முதலில் வந்து நேரமாகிவிட்டது. பார்வையாளர் காதில் அந்தச் சொல் மங்கிப்போயிருக்கும். கடைசி வரியில் அதை அவர் தானே போய் எடுத்து வர வேண்டும் என்பதால், அதற்குச் சற்று முன் ஒருமுறை நினைவூட்டுகிறோம்.

கடைசிச் சொல்

தமிழ் வாக்கியம் வினையில் முடிவது. கொஞ்சம் கவனம் தப்பினால் நம்முடைய திருப்புமுனைச் சொல் வாக்கியத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். 'டாக்டர் வீட்டு மாடிக்கு இன்னும் நாலு படிதான் கட்டணும்' என்று எழுதிப் பாருங்கள். இலக்கணம் சரி. ஆனால் 'மாடிக்கு' என்றதும் சிரிப்பு தொடங்கும், மிச்சமுள்ள சொற்கள் அந்தச் சிரிப்புக்குள் மூழ்கும். பின்வரிசை ஆட்களுக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

பேச்சுத் தமிழ் இதற்கு வழி தருகிறது. வாக்கியம் முடிந்த பிறகு ஒரு சொல்லைக் கடைசியில் ஒட்டிவைப்பது நம் பேச்சில் இயல்பு. 'வந்துட்டான், உங்க பையன்' என்கிறோமே, அது போல. 'நாலே நாலுதாங்க பாக்கி' என்றதும் பார்வையாளர் நாலு பாடம் என்று எடுத்துக்கொள்கிறார். தரகரும் அதையே எழுதக் குனிகிறார். அதன்பின் 'டாக்டர் வீட்டு மாடிக்கு' என்று வருகிறது. கடைசிச் சொல் வரும் வரை பழைய பொருள் உயிரோடு இருக்கிறது.

அந்த வரியில் 'படி' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நாலு படி' என்றால் எண்ணக்கூடிய பொருளாகிவிடும், குட்டு ஒரு மூச்சு முன்னதாக உடையும். சொல்லை மறைத்து, 'மாடி'யை மட்டும் கொடுத்தால், பார்வையாளர் 'படி'யைத் தானே கண்டுபிடிக்கிறார். அவர் கண்டுபிடிக்கும் அந்த நொடிதான் சிரிப்பு.

அதற்குப் பிறகு எதுவும் கூடாது. 'என்னது, மாடியா?' என்று தரகர் கேட்பதும், 'ஆமாங்க, எம்புள்ள கொத்தனாரு' என்று அம்மா விளக்குவதும் எழுதும்போது தவிர்க்க முடியாதவைபோலத் தோன்றும். இரண்டையும் அடித்துவிடுங்கள். விளக்கம் தேவைப்பட்டால் பழுது மேலே உள்ள வரிகளில் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் தாளைக் காட்டாமல் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்பதே மருத்துவ அறிக்கை. கடைசி வரிக்கு முன்பே புன்னகை வந்தால் துப்பு கசிகிறது. அந்த வரியைத் தேடி மாற்றுங்கள். 'என்ன சொன்னீங்க?' என்று கேட்டால் சிலேடைச் சொல் காதில் பதியவில்லை, நினைவூட்டலை இன்னும் கீழே இறக்குங்கள். புரிந்தும் சிரிக்காவிட்டால், இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள தூரம் போதவில்லை என்று அர்த்தம். வரிகளைத் திருத்திப் பயனில்லை, வேறு சொல்லைத் தேட வேண்டும்.

கடைசியாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? இதே நாடகத்தில் அம்மா வெட்கப்பட்டுத் தலைகுனிந்து மாடியைப் பற்றிச் சொன்னால், சிரிப்பு கொத்தனார் மீது விழும். அரங்கில் இருக்கும் எத்தனையோ பேரின் வீட்டுப் படியைக் கட்டியவர் அவர். அம்மா மகனின் உழைப்பைப் பெருமையோடு, தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். அப்போது நாம் சிரிப்பது 'படி' என்றவுடன் டாக்டர் என்று தானே முடிவுகட்டி எழுதிக்கொண்ட தரகரைப் பார்த்து. அவரோடு சேர்ந்து அதையே நினைத்த நம்மையும் பார்த்து. எழுத்துப் பிரதியில் அம்மாவின் கடைசி வரிக்கு மேல் 'பெருமையாக' என்று ஒரு குறிப்பை எழுதிவையுங்கள். இந்த நாடகத்துக்குத் தேவையான நடிப்புக் குறிப்புகளில் விட்டுவிடக் கூடாதது அதுதான்.