வட்டி கட்டியாச்சு, கணக்கில் ஏறவில்லை

என் சித்தி மூன்று சவரன் சங்கிலியை ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்து 1,20,000 ரூபாய் வாங்கியிருந்தார். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். வருடம் முடிந்து மாற்றி வைக்க வேண்டிய கடைசி நாள் 12ஆம் தேதி, சனிக்கிழமை. 11ஆம் தேதி மாலையே 14,400 ரூபாய் வட்டியை அந்த நிறுவனத்தின் செயலியில், யூபிஐ மூலம் கட்டிவிட்டார். மறுநாள் கிளைக்குப் போனால், "பணம் வரலைம்மா, இன்னொரு தடவை கட்டிடுங்க" என்றார்கள். சித்தி போனில் இருந்த பச்சை டிக் படத்தைக் காட்டினார். கவுன்ட்டரில் இருந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் நம்பாததற்குக் காரணம் உண்டு. யூபிஐயில் பணம் போய்ச் சேராவிட்டால் அது நம் கணக்குக்கே திரும்பி வந்துவிடும். திரும்பிய பிறகும், முன்பு எடுத்த ஸ்கிரீன்ஷாட் போனில் அப்படியே இருக்கும். எனவே முதலில் நாம் பார்க்க வேண்டியது நம் வங்கிக் கணக்கைத்தான். பற்று விழுந்த பிறகு, அதே தொகை மறுபடி வரவாகியிருக்கிறதா? ஆகியிருந்தால் வட்டி கட்டவில்லை என்றே பொருள். உடனே மறுபடி கட்டிவிட வேண்டும். சித்தியின் கணக்கில் பணம் திரும்பவில்லை.

அப்படியானால் பணம் எங்கே? செயலியில் கட்டும் பணம் பெரும்பாலும் நேராக நிதி நிறுவனத்துக்குப் போவதில்லை. நடுவில் பேமென்ட் கேட்வே நடத்தும் இன்னொரு நிறுவனம் அதை வாங்கிச் சேர்த்து, அடுத்த வேலை நாளில் மொத்தமாக அனுப்புகிறது. அன்று இரண்டாவது சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. பணம் நடுவழியில் நின்றது. வேறு விதமாகவும் சிக்கும்: ஒரே பெயரில் இரண்டு அடகு இருந்தால், வட்டி அடுத்த சீட்டில் ஏறிவிடும், அல்லது வட்டிக்குப் பதில் அசலில் கழிந்துவிடும். கிளையில் "என் பெயரில் உள்ள எல்லாக் கடனையும் பாருங்கள்" என்று கேட்டால் இது தெரிந்துவிடும்.

நிரூபிக்க இரண்டு விஷயம் போதும். ஒன்று, செயலியில் UTR அல்லது UPI transaction ID என்று காட்டும் எண். யூபிஐக்கு இது 12 இலக்கம், நெஃப்ட்டுக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. தங்களுக்கு வந்த பணத்தில் இது எது என்று நிறுவனம் தேடிக் கண்டுபிடிக்க உதவுவது இந்த எண்தான். இரண்டு, வங்கியிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட் பிடிஎஃப். படத்தை வெட்டி ஒட்டாமல், கட்டிய நாளிலிருந்து இன்று வரை முழுதாக இருக்க வேண்டும். பணம் திரும்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அன்றே கிளைக்கும் நிறுவனத்தின் புகார் மின்னஞ்சலுக்கும் சித்தி இப்படி எழுதினார்: "இந்தக் கடன் எண்ணுக்கு 11ஆம் தேதி மாலை 6.40க்கு 14,400 ரூபாய் வட்டி கட்டினேன். பரிவர்த்தனை எண் இது. ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். 11ஆம் தேதியிட்டே வட்டியில் வரவு வைத்து ரசீது தர வேண்டும்." கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கினோம். இந்த முத்திரையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கெடு முடியும் முன்பே நாம் சொல்லிவிட்டோம் என்பதை அது காட்டுகிறது.

திங்களன்று பணம் ஏறியது. ஆனால் 14ஆம் தேதியிட்டு ஏறியது. மூன்று நாள் கூடுதல் வட்டி சுமார் 118 ரூபாய்தான், ஆனால் கெடு தவறியதாகக் காட்டி அபராதமும் சேர்ந்திருந்தது. முத்திரையிட்ட நகலைக் காட்டிக் கேட்ட பிறகு இரண்டையும் நீக்கினார்கள். சங்கிலியையும் அன்றே மாற்றி வைத்தார்கள்.

ஏல நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். கையில் காசு இருந்தால் இரண்டாம் முறை கட்டிவிடுங்கள். "முன்பு கட்டிய தொகை நிலுவையில் உள்ளது, வந்ததும் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நகை போய்விட்டால் அதே நகை திரும்பி வராது.

புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், வங்கி மீதும் பெரிய நிதி நிறுவனங்கள் மீதும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்த நகைக்கு இந்த வழி இல்லை. அங்கே கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் அதே கடிதமும் அதே ஸ்டேட்மென்ட்டும் போக வேண்டும்.