கூட்டுத்தொகை சரி, கணக்கு எண்?

வாரத்துக்கு நாற்பது, ஐம்பது பார்ட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். நூல் மில், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர், லாரி ஆபீஸ் என்று எல்லோருக்கும் ஒவ்வொன்றாக நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் முதலாளி ஒப்புதல் கொடுத்த பில்களை வைத்து ஒரு ஃபைல் தயாரித்து, அதை மொத்தமாக வங்கியின் தளத்தில் ஏற்றிவிடுவார்கள். பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை, எந்த வழியில் அனுப்புவது என்ற விவரங்களுடன் ஒரு பார்ட்டிக்கு ஒரு வரி இருக்கும்.

ஃபைல் தயாரானதும் எல்லோரும் பார்ப்பது கூட்டுத்தொகையை. அது பைசா பிசகாமல் இருந்தால் நிம்மதியாக அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வரியில் கணக்கு எண் மாறிப்போனால் கூட்டுத்தொகை துளியும் அசையாது. வங்கி பெயரைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பவும் முடியாது. என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். போன்றவற்றில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. அந்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பி வந்துவிடும். வேறு யாருக்காவது அந்தக் கணக்கு இருந்தால் பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அவர் சம்மதித்தால்தான் சுலபமாகத் திரும்பும். இல்லையென்றால் வழக்கு, புகார் என்று அலைய வேண்டும்.

தொகையை முதலில் முடித்துவிடலாம். நூல் மில்லுக்கு இரண்டு பில்கள், மொத்தம் ரூ. 4,86,150. எடை குறைந்ததற்காக நாம் போட்ட டெபிட் நோட் ரூ. 6,150. அதைக் கழித்தால் 4,80,000. சாயப்பட்டறையின் கூலி ரூ. 1,50,000, அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 1,57,500. சாயப்பட்டறை ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்பதால் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யைப் பில்லில் தனியாகக் காட்டியிருப்பதால் கூலித்தொகைக்கு மட்டும் பிடித்தால் போதும். 3,000 போக அனுப்ப வேண்டியது 1,54,500. அட்டைப்பெட்டிக்கு 62,400. மூன்று வரிகள், மொத்தம் 6,96,900. ஆர்.டி.ஜி.எஸ். இரண்டு லட்சத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் மில் பணத்துக்கு அந்த வழி, மற்ற இரண்டுக்கும் என்.இ.எஃப்.டி. பில் தொகையை அப்படியே ஃபைலில் போட்டுவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறு. ஒப்புதல் வாங்கும் லிஸ்டிலேயே பில் தொகை, பிடித்தம், நிகரத் தொகை என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால் அது நடக்காது.

இனி கணக்கு எண்ணுக்கு வருவோம். அதைப் பெரும்பாலும் எக்செல்லில்தான் கையாளுகிறோம். எக்செல்லுக்கு அது வெறும் எண், 15 இலக்கம் வரைதான் அதற்கு நினைவிருக்கும். 1234567890123456 என்ற 16 இலக்க எண்ணை சாதாரணக் கட்டத்தில் தட்டினால் கடைசி 6 பூஜ்யமாகிவிடும். திரையில் தெரிவது 1.23457E+15. அதை சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் ஃபைலுக்குள் போகும். மறுபடி திறந்தால் 1234570000000000 என்று வரும், பாதி எண் காணாமல் போயிருக்கும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணுக்கு வேறு விதமான சேதம். 000123456789 என்பது 123456789 ஆகிவிடும்.

கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இடம் இன்னொன்று இருக்கிறது. சரியாகத் தயாரான சி.எஸ்.வி. ஃபைலை "ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே" என்று இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்து, மூடும்போது சேமித்துவிடுகிறோம். சரிபார்க்கத் திறந்ததே ஃபைலைக் கெடுத்துவிடுகிறது. ஏற்றுவதற்கு முன் பார்க்க நோட்பேட் போதும். உள்ளே இருப்பதை அது இருக்கிறபடியே காட்டும். E+ என்று எங்காவது தென்படுகிறதா, பெயருக்குள் கமா இருந்து ஒரு வரி மட்டும் ஒரு கட்டம் தள்ளிப்போயிருக்கிறதா என்பது அங்கே கண்ணில் பட்டுவிடும்.

எக்செல் கெடுக்காத எண்ணும் தவறாக இருக்கலாம். யாரோ பார்ட்டி விவரத்திலேயே மாற்றியிருக்கலாம். "எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று பார்ட்டியின் மின்னஞ்சல் போலவே வரும் மோசடிக் கடிதம் இப்படித்தான் பணம் பறிக்கிறது. பில் உண்மை, ஒப்புதல் உண்மை, தொகை உண்மை, எண் மட்டும் திருடனுடையது. இதற்கு என் அனுபவத்தில் மிகப் பயன்படுகிற சோதனை, இந்த வார ஃபைலைச் சென்ற முறை பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த எண்களோடு ஒப்பிடுவது. இந்த வார எண் E கட்டத்தில் இருக்கட்டும். பார்ட்டி கோடை வைத்துப் பழைய ஃபைலிலிருந்து எடுத்த எண் H கட்டத்தில் இருக்கட்டும்.

```
=EXACT(E2,H2)
```

FALSE என்று வருகிற வரியை மட்டும் தனியே எடுங்கள். பெயரை வைத்துத் தேடாமல் கோடை வைத்துத் தேட வேண்டும், ஏனென்றால் "ஸ்ரீ முருகன்" என்று தொடங்கும் பார்ட்டிகள் நம் ஊரில் நான்கைந்து பேராவது இருப்பார்கள். எண் மாறியிருந்தால் மின்னஞ்சலில் இருக்கும் நம்பரை நம்பாமல், நம் பழைய பில்லில் அச்சாகியிருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். பெயர் அச்சான கேன்சல்டு செக் ஒன்றும் வாங்கிவைக்க வேண்டும். கணக்கு எண்ணைக் கொடுத்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொல்லியிருந்தது. நெட் பேங்கிங்கில் பார்ட்டியைச் சேர்க்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தமாக ஏற்றும் ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சோதனை நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஃபைலை ஏற்றியதும் எத்தனை வரிகள், மொத்தம் எவ்வளவு என்று வங்கித் தளம் காட்டும். இந்த இடத்தில் ஒப்புதல் தருபவர், அதாவது செக்கர், தன் கையில் வைத்திருக்க வேண்டியது முதலாளி கையெழுத்திட்ட லிஸ்ட். ஃபைலைத் தயாரித்தவர் அதே ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரின்ட்-அவுட் எப்போதும் ஃபைலோடு ஒத்துத்தான் போகும், அதனால் எதுவும் தெரியாது. மூன்று வரி, 6,96,900 என்பது லிஸ்டோடு ஒத்தால், அடுத்து ஒவ்வொரு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை லிஸ்டில் இருப்பதோடு பார்க்க வேண்டும். அதற்காகவே லிஸ்டில் அந்த நான்கு இலக்கத்தைப் பார்ட்டி விவரத்திலிருந்து முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது நல்லது.

அனுப்பிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு யு.டி.ஆர். எண் வரும். சாயப்பட்டறை வரி மட்டும் தோல்வி என்று காட்டினால், பழைய ஃபைலையே மறுபடி ஏற்றக் கூடாது. அப்படி ஏற்றினால் மில்லுக்கும் அட்டைப்பெட்டிக்காரருக்கும் இரண்டாம் முறை பணம் போய்விடும். "நிலுவை" என்று காட்டினால் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். "திரும்பியது" என்றால் நம் ஸ்டேட்மென்ட்டில் 1,54,500 மறுபடி வரவாகிவிட்டதா என்று பார்த்த பின்பே அடுத்த வேலை. திரும்பியதற்குக் காரணம் பழைய ஐ.எஃப்.எஸ்.சி.யாகக்கூட இருக்கலாம். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்த பிறகு SYNB என்று தொடங்கும் கோடுகள் 2021 ஜூலையிலிருந்து செல்லாமல் போயின. அதைத் திருத்தி, அந்த ஒரு வரியை மட்டும் வைத்து, வேறு பெயரில் புது ஃபைல் போட்டு, அதற்கும் புதிதாக ஒப்புதல் வாங்கி அனுப்ப வேண்டும்.